ஊறுகாய் பாட்டில் அனுப்பினால் போதுமா, காசும் கொடுக்கணுமா?

சாட்ஸ்வொர்த் மருமகள் | 3 ஜூலை 2025, இரவு 9.40

டர்பனில் வீட்டு அளவில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் செய்து விற்கிறேன். பாட்டில் 85 ராண்ட். காய், எண்ணெய், பாட்டில், லேபிள் எல்லாம் சேர்த்து எனக்கு ஆகும் செலவு 38. நிற்பது 47.

மே மாதம் இன்ஸ்டாகிராமில் இருக்கும் 10 உள்ளூர் ஆட்களுக்கு ஆளுக்கு மூன்று பாட்டில் பெட்டி போட்டு இலவசமாக அனுப்பினேன். பணம் எதுவும் பேசவில்லை. "பிடித்தால் போடுங்கள்" என்று ஒரு அட்டை மட்டும் வைத்தேன். 10 பேரில் நான்கு பேர்தான் போட்டார்கள். அதிலும் மூன்று பேர் ஸ்டோரி, மறுநாள் காணாமல் போய்விட்டது. ஒருவர் மட்டும் ரீல் போட்டார்.

இப்போது புரட்டாசி வருகிறது. இங்கே நம் ஆட்கள் மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார்கள், ஊறுகாய் விற்கிற காலம் அதுதான். மறுபடி பெட்டி அனுப்புவதா, இல்லை ஒருவருக்குக் காசு கொடுத்துச் செய்வதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மேர்பேங்க் தம்பி | 3 ஜூலை, இரவு 10.15

சிம்பிள் அக்கா. 10,000 ஃபாலோவருக்குக் கீழே இருந்தால் பொருள் கொடுங்கள், மேலே இருந்தால் காசு கொடுங்கள். சின்ன ஆட்கள் பெட்டி வந்தாலே சந்தோஷப்படுவார்கள். என் அண்ணன் ஷூ கடைக்கு அப்படித்தான் செய்கிறான்.

தொங்காட் ஐயா | 4 ஜூலை, காலை 6.20

அம்மா, இலவசமாகக் கொடுப்பதென்றால் ஆடி மாதம் கோவிலில் கூழ் ஊற்றும்போது ஊறுகாயை வைத்துவிடு. 300 பேர் தொட்டுக்கொள்வார்கள். நாக்கு அறிந்ததை யார் விளம்பரம் செய்ய வேண்டும்? நான் 1980களில் மசாலா விற்றபோது அப்படித்தான் செய்தேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 4 ஜூலை, மதியம் 1.05

ஐயா, கோவிலுக்குக் கண்டிப்பாகக் கொடுக்கிறேன், அது வேறு கணக்கு. நான் கேட்டது வீடியோ போடுகிறவர்களைப் பற்றி.

தம்பி சொன்ன 10,000 கணக்கு என் விஷயத்தில் ஒத்துவரவில்லை. ரீல் போட்ட பெண்ணுக்கு 41,000 ஃபாலோவர். தமிழ்ப் பாட்டுக்கு ஆடுகிற பெண், டர்பனில்தான் வீடு. ரீலை 18,000 முறை பார்த்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆர்டர் இரண்டு! கோயம்புத்தூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் "இங்கே அனுப்புவீர்களா" என்று இருபது மெசேஜ் வந்தது. மேர்பேங்கில் 900 ஃபாலோவர் வைத்திருக்கும் ஒரு டீச்சர் வெறும் ஸ்டோரிதான் போட்டார், வீட்டில் சாம்பார் சாதத்தோடு. அவரைப் பார்த்து ஏழு பேர் வாங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீர்கள்" என்று கேட்டு நோட்டில் எழுதுவேன், அதனால் தெரியும்.

லெனேசியா விளம்பரக்காரி | 4 ஜூலை, இரவு 8.30

ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இந்த வேலைதான் செய்கிறேன். நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஃபாலோவர் எத்தனை என்பது அல்ல, எங்கே என்பதுதான் கேள்வி. டர்பனில் இருந்துகொண்டு சினிமாப் பாட்டுக்கு ஆடினால் பார்க்கிறவர்களில் பெரும்பங்கு இந்தியாவில் இருப்பார்கள். உங்கள் பாட்டில் அங்கே போகாது.

யாரிடம் பேசினாலும் முதலில் இன்சைட்ஸ் பக்கத்தைக் கேளுங்கள். அதில் பார்வையாளர்களை ஊர்வாரியாகக் காட்டும், மேலே வருகிற ஐந்து ஊர்களைப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதைத் திருத்திவிடலாம். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் நகர்த்துவதை ஸ்கிரீன் ரெக்கார்டிங்காக அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் மேலே இருந்தால் பேசுங்கள். சென்னையும் பெங்களூரும் மேலே இருந்தால் வாழ்த்திவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், இலவசப் பெட்டிக்கு உங்களுக்கு என்ன செலவு என்று எழுதிப் பார்த்தீர்களா?

சாட்ஸ்வொர்த் மருமகள் | 5 ஜூலை, காலை 7.00

எழுதினேன். மூன்று பாட்டில் 114, கூரியர் 60, பெட்டியும் உடையாமல் சுற்றுகிற தாளும் 16. பெட்டிக்கு 190. பத்துப் பெட்டி 1,900 ராண்ட். வாங்கினவர்கள் 11 பேர், 19 பாட்டில். அதில் எனக்கு நின்றது 893. ஆக, 1,007 ராண்ட் கையை விட்டுப் போயிருக்கிறது. "இலவசமாகத்தானே கொடுத்தோம்" என்று இரண்டு மாதமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

பீனிக்ஸ் அடுப்படி | 5 ஜூலை, மாலை 4.45

நான் அந்தப் பக்கத்து ஆள். சமையல் வீடியோ போடுகிறேன். பெட்டி அனுப்புகிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு ரீலுக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை போகும். காலையில் மார்க்கெட் போய்க் காய் வாங்கணும், வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து எடுக்கணும், ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து, எழுத்துப் போடணும். போட்ட பிறகு இரண்டு நாள் "எங்கே கிடைக்கும், காரமா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லணும். அதற்கு 255 ராண்ட் மதிப்புள்ள மூன்று பாட்டில். ஒரு மாதத்தில் எனக்கு ஏழு பெட்டி வருகிறது. அனுப்பச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை. போடவில்லையென்றால் பதினைந்து நாள் கழித்து "எப்போது போடுவீர்கள்" என்று மெசேஜ். பிடித்தால் போடு என்று எழுதி அனுப்பிவிட்டு அப்படிக் கேட்கலாமா?

அக்கா அப்படிக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 5 ஜூலை, இரவு 9.10

கேட்டேன். ஆறு பேரிடம் கேட்டேன். இப்போது அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதப் போகிறேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 9 ஜூலை, இரவு 10.30

மே மாத ரீலில் நடந்த ஒன்றை இங்கே எழுதியே ஆகணும், நான் காசு கொடுக்கும் பக்கம் சாய்ந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தப் பெண் பாட்டிலைத் திறந்ததும் மேலே எண்ணெய் மினுமினு என்று நிற்கிறது, கேரட்டும் பச்சை மிளகாயும் அழகாகத் தெரிகிறது. பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த நொடி சிங்க்கில் கழுவின ஸ்பூனை அப்படியே, தண்ணீர் சொட்டச் சொட்ட, பாட்டிலுக்குள் விட்டாள். எண்ணெய்க்கு மேலே நீர்த்துளி உருண்டு நிற்பது வரைக்கும் வீடியோவில் தெரிகிறது. ஊறுகாய் போடுகிற எவளுக்கும் வயிறு கலங்கிவிடும். கீழே கமென்ட் முழுக்க ஈர ஸ்பூன் சண்டைதான். "என் பாட்டி இருந்தால் கையில் ஒன்று போட்டிருப்பாள்" என்று ஒரு அம்மா. பத்து நாள் கழித்து இரண்டு பேர் பூஞ்சை பிடித்த பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். வீடியோவில் பார்த்தபடியே செய்திருக்கிறார்கள். இரண்டு பாட்டிலையும் மாற்றிக் கொடுத்தேன்.

திருத்திப் போடச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்ன உரிமையில் சொல்வது? அவள் சனிக்கிழமையை நான் வாங்கவில்லையே.

லெனேசியா விளம்பரக்காரி | 10 ஜூலை, காலை 8.15

இதுதான் விஷயம். பெட்டி அனுப்பினால் தேதி உங்கள் கையில் இல்லை, சொல் உங்கள் கையில் இல்லை, திருத்தவும் முடியாது. காசு கொடுக்கும்போது வாங்குவது அந்த மூன்றைத்தான். ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன, எத்தனை, எந்தத் தேதி, போடுமுன் உங்களுக்குக் காட்டணும், ஒருமுறை திருத்தம் உண்டு. சொல்லவேண்டியதை இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். முழு வசனமும் எழுதிக் கொடுத்தால் அவர் குரல் போய்விடும், பார்க்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள்.

சொல்லக்கூடாததையும் எழுதுங்கள். ஊறுகாய், பொடி விஷயத்தில் "சர்க்கரை வியாதிக்கு நல்லது", "குணமாக்கும்" என்று யாராவது வாய் தவறிச் சொல்வார்கள். இந்த நாட்டின் உணவு விளம்பர விதிகளில் நோயைத் தீர்க்கும் என்று சொல்ல அனுமதி கிடையாது. அவர் சொன்னாலும் பொருள் உங்களுடையது.

டர்பன் கணக்கர் | 10 ஜூலை, மாலை 6.00

இரண்டு விஷயம் விட்டுப்போகிறது.

ஒன்று, பதிவு போடுவதற்காகப் பொருள் வாங்கினால் அதுவும் வருமானம்தான். தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தில் வருமானம் என்பது ரொக்கமாகவோ வேறு விதமாகவோ வருவது. பீனிக்ஸ் அம்மா 255 ராண்ட் பெட்டிக்குப் பதிலாக ரீல் போட்டால் அந்த 255-ஐ வரித்துறையான SARS-க்குக் கணக்கில் காட்டணும். பெட்டி கொடுத்தால் வரி கிடையாது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மருமகளுக்கு எப்படியும் வியாபாரச் செலவு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, விளம்பரம் என்று சொல்லணும். இங்கே விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளில் சமூக ஊடகத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. காசு வாங்கினாலும் சரி, போடுவதற்காகப் பொருள் வாங்கினாலும் சரி, தெரியும்படி #AD என்றோ #Sponsored என்றோ போடணும்.

மேர்பேங்க் தம்பி | 10 ஜூலை, இரவு 7.20

#AD போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். என் அண்ணன் போடச் சொல்லவே மாட்டான்.

பீனிக்ஸ் அடுப்படி | 10 ஜூலை, இரவு 8.00

தம்பி, நான் மூன்று வருடமாகப் போடுகிறேன். மறைத்துப் போட்டு ஒருநாள் தெரிந்துபோனால் அதற்குப் பிறகு நான் சும்மா சொல்வதையும் நம்ப மாட்டார்கள். உங்கள் அண்ணனுக்கு ஒரு ஷூதான் போகும், எனக்கு என் பக்கமே போய்விடும்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 18 ஆகஸ்ட், இரவு 9.50

ஆள் முடிவாகிவிட்டது. இந்த இழையில் இருப்பவர் இல்லை, வேறொரு ஆன்ட்டி. வெரூலமில் வீடு, சுமார் 6,000 ஃபாலோவர். இன்சைட்ஸ் கேட்டதும் தன் மகனைக் கூப்பிட்டு ரெக்கார்டிங் அனுப்பினார். டர்பன் முதலில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டாவது. ஒரு ரீல், மூன்று ஸ்டோரி, என் பக்கத்திலும் விளம்பரங்களிலும் மூன்று மாதம் அந்த வீடியோவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி, எல்லாம் சேர்த்து 3,500 கேட்டார். அனுமதியை எடுத்துவிட்டால் 2,500 என்றார். 2,500-க்குச் சரி என்றேன். பாதி முன்பணம், பாதி போட்ட பிறகு. புரட்டாசி செப்டம்பர் 17-ல் பிறக்கிறது, அதற்கு ஒரு வாரம் முன்னால் ரீல் வரும். பாட்டிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், கூரியர் கிடையாது.

என் இரண்டு வரி: "பருப்பு சாதத்தோடு காட்டுங்கள். ஈரம் இல்லாத ஸ்பூன்."

தொங்காட் ஐயா | 19 ஆகஸ்ட், காலை 6.05

2,500 ராண்டா! ஆடிக் கூழுக்கு நீ கொடுத்த நாலு பாட்டில் எங்கள் கோவிலில் பத்து நிமிடத்தில் காலி. விலாசம் கேட்டார்கள், உன் நம்பரைக் கொடுத்தேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 19 ஆகஸ்ட், காலை 7.30

மூன்று பேர் போன் செய்தார்கள் ஐயா, நோட்டில் "கோவில்" என்று எழுதி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு உங்களுக்குத் தனியாக எலுமிச்சை ஊறுகாய் வரும்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 10 அக்டோபர், இரவு 11.00

கணக்கு. ரீல் போட்டதிலிருந்து மூன்று வாரத்தில், ஆன்ட்டியைப் பார்த்து வந்ததாகச் சொன்னவர்களும் அவருக்காகக் கொடுத்த தள்ளுபடிக் கோடு போட்டு வாங்கினவர்களும் சேர்த்து 31 பேர், 74 பாட்டில். 74 × 47 = 3,478. செலவு 2,500-ம் மூன்று பாட்டில் 114-ம், 2,614. மிச்சம் 864 ராண்ட்.

ஆன்ட்டி ஸ்பூனைத் துணியால் துடைத்து, கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டி, "ஈரம் பட்டால் ஊறுகாய் கெட்டுப்போகும், உங்க அம்மா சொல்லலையா?" என்று கேட்டார். நான் எழுதித் தந்திருந்தால் அப்படி வந்திருக்காது. கமென்ட் எல்லாம் அந்த வரியைப் பற்றித்தான்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 11 அக்டோபர், காலை 6.40

தூக்கமே வரவில்லை, கணக்கில் தப்பு. ஆன்ட்டியின் கோடுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தேனே, அதைக் கழிக்கவில்லை. கோடு போட்டு வாங்கினது 52 பாட்டில். பாட்டிலுக்கு 8.50, மொத்தம் 442. மிச்சம் 422-தான்.

லெனேசியா விளம்பரக்காரி | 11 அக்டோபர், காலை 9.20

கோபப்படாதீர்கள், இன்னொன்று கேட்கிறேன். மே மாதப் பெட்டியையும் புரட்டாசி ரீலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. புரட்டாசியில் ஒன்றும் செய்யாமலேயே உங்களுக்கு விற்குமே? போன வருடம் இதே மூன்று வாரத்தில் எத்தனை பாட்டில்?

சாட்ஸ்வொர்த் மருமகள் | 11 அக்டோபர், மாலை 5.30

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். போன வருடம் 58. இந்த வருடம் மொத்தம் 112. கூடினது 54 பாட்டில்தான். ஆன்ட்டி பெயரைச் சொன்ன 74 பேரில் சிலர், இல்லை, 74 பாட்டிலில் சில எப்படியும் விற்றிருக்கும் போல.

54 × 47 = 2,538. அதிலிருந்து 2,614 போய், 442 போய், 518 ராண்ட் நஷ்டம்.

டர்பன் கணக்கர் | 11 அக்டோபர், இரவு 8.10

அது கடுமையான கணக்கு, ஆனால் சரியான பக்கத்தில் கடுமை. ஒன்று மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்த 31 பேர் மறுபடி வருகிறார்களா என்று பாருங்கள். ஊறுகாய் ஒருதரம் வாங்குகிற பொருள் அல்ல.

மேர்பேங்க் தம்பி | 12 அக்டோபர், காலை 10.00

நான் அப்போதே சொன்னேன், 6,000 ஃபாலோவருக்கெல்லாம் காசு கொடுக்கக்கூடாது என்று.

பீனிக்ஸ் அடுப்படி | 12 அக்டோபர், காலை 10.25

தம்பி, 41,000 ஃபாலோவர் ரீலில் இரண்டு ஆர்டர் வந்ததே, மேலே போய்ப் படியுங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 26 அக்டோபர், இரவு 9.00

தீபாவளி 20-ம் தேதி முடிந்தது. அந்த 31 பேரில் ஒன்பது பேர் மறுபடி வந்தார்கள், 24 பாட்டில், தள்ளுபடி இல்லாமல். 1,128 ராண்ட். பழைய 518 நஷ்டம் போக 610 மிச்சம்.

அதில் 500-ஐ நானே கெடுத்துக்கொண்டேன். தீபாவளிச் சந்தையில் கடை போட்டபோது ஆன்ட்டியின் வீடியோவை டேப்லெட்டில் நாள் முழுக்க ஓடவிட்டேன். என் பக்கத்திலும் மறுபடி ஏற்றினேன். ஆன்ட்டி மகன் போன் செய்தான். "அக்கா, அந்த அனுமதியைத்தானே நீங்கள் வேண்டாம் என்றீர்கள்?" அவன் சொன்னது நியாயம். காசு கொடுத்துவிட்டோம், வீடியோ நம்முடையது என்று எனக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. நான் வாங்கினது அவர் பக்கத்தில் ஒருமுறை வருவதை மட்டும்தான். மாத முடிவு வரைக்கும் 500 என்று பேசி அனுப்பிவிட்டேன். ஆக, இன்று நிற்பது 110 ராண்ட்.

ஈர ஸ்பூன் புகார் ஒன்றுகூட வரவில்லை.

லெனேசியா விளம்பரக்காரி | 27 அக்டோபர், காலை 8.40

அடுத்தமுறை அனுமதியையும் சேர்த்துப் பேசுங்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும். மூன்று மாதம் ஊறுகாய்க்குத் தேவையில்லை. தள்ளுபடியையும் ஐந்து சதவீதமாக்கிப் பாருங்கள். கோடு இருப்பது யார் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான், விலைக்காக அவர்கள் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 15 நவம்பர், இரவு 10.15

மேர்பேங்க் டீச்சரிடம் பேசினேன். மே மாதம் ஸ்டோரி போட்டு ஏழு பேரைக் கொண்டுவந்தாரே, அவர்தான். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு ரீலுக்கு 800 தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "காசு வாங்கினால் நாளைக்கு உன் ஊறுகாயில் உப்பு அதிகமாக இருந்தால் சொல்ல எனக்கு வாய் வருமா?" என்று கேட்டார். பாட்டில் மட்டும் வாங்கிக்கொள்வாராம், போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

சும்மா போடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஏழு பேரைக் கொண்டுவந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் எப்படி இருப்பது? பீனிக்ஸ் அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பீனிக்ஸ் அடுப்படி | 15 நவம்பர், இரவு 10.50

அவர் டீச்சர், சம்பளம் வருகிறது, அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியும். என்னால் முடியாது. அவரைப் பார்த்து எல்லாரும் இனி இலவசமாகக் கேட்பார்களே என்றுதான் எனக்குப் பயம். ஆனால் உப்புப் பேச்சு சரிதான், நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள் | 16 நவம்பர், காலை 6.50

மாங்காய் சீசன் ஆரம்பித்துவிட்டது. முதல் பாட்டிலை டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அட்டை எதுவும் வைக்கவில்லை, "பிடித்தால் போடுங்கள்" என்பதும் இல்லை. உப்பு எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு வருவேன்.